விடியற்காலைச் சிரிப்பு

கேள்வி: எனக்கு 54 வயது. சில மாதங்களாக விடியற்காலையில் திருவிழாக் கனவு வருகிறது. மேளச் சத்தம், கூட்டம், பள்ளித் தோழிகளோடு ஒரே சிரிப்பு. நான் சத்தமாகவே சிரிக்கிறேனாம். ஒரு நாள் கணவர் பயந்துபோய் எழுப்பிவிட்டார். பகலில் நான் அப்படிச் சிரிப்பவள் இல்லை. இது ஏதாவது நோயா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ‘விடியற்காலை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது.

தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக ஓடும். சுற்றின் முடிவில், மூடிய இமைக்குள் கண்கள் அங்குமிங்கும் ஓடும் கட்டம் ஒன்று வரும். ஆர்.இ.எம். தூக்கம் என்போம். முன்னிரவில் அது சில நிமிடங்கள்தான். விடியும் நேரத்தில் அரை மணி வரைகூட நீளும். தெளிவான கனவுகள் அதிகம் வருவது அப்போதுதான். மூளையில் உணர்ச்சிக்கான பகுதிகள் மும்முரமாக இருக்க, சரி தப்பு பார்க்கும் முன்பகுதி அடங்கியிருக்கும். அதனால்தான் பல வருடம் பார்க்காத தோழி அதே பள்ளிச் சீருடையில் வந்து நின்றாலும் கனவில் அது விநோதமாகத் தோன்றுவதில்லை. அந்த நேரத்தில் கைகால் தசைகள் தளர்ந்து கிடக்கும். முகத்திலும் குரலிலும் மட்டும் கொஞ்சம் கசியும். உங்கள் கணவர் கேட்ட சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

மனம் அசைபோடும் ஆட்களும் ஆசைகளும் கனவில் வருவது சகஜம். ஆனால் கனவில் சிரிப்பதை வைத்து மனம் நலமாக இருக்கிறது என்று நான் சொல்லிவிட மாட்டேன். பகலில் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், அதைத் தனியாக மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டு வந்து சமீபத்தில் நிறுத்தியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அடங்கியிருந்த கனவுகள் அதன்பின் பெருக்கெடுப்பதுண்டு.

நான் கவனிக்கச் சொல்வது உங்கள் கைகளைத்தான். கனவில் தட்டும்போது நிஜக் கையும் தட்டுகிறதா? என்னிடம் வந்த ஒருவர் கனவில் மேளம் அடித்தார். அடி விழுந்தது மனைவியின் தோளில். தளர்ந்திருக்க வேண்டிய தசைகள் தளராததால் வரும் கோளாறு அது. 50 வயதுக்கு மேல் இப்படித் தொடங்கினால் அலட்சியம் கூடாது. சிலருக்குப் பல வருடம் கழித்து வரும் பார்க்கின்சன் நோயின் முன்னறிகுறியாக அது இருக்கலாம். ஓர் இரவு தூக்க ஆய்வு செய்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று, அபூர்வமானது: சிரிப்பாக வரும் வலிப்பு. ஒவ்வொரு முறையும் அச்சடித்ததுபோல் ஒரே சிரிப்பு, சில நொடிகள். விழித்தால் கனவே நினைவிருக்காது, சந்தோஷமும் இருக்காது. உங்களுக்குத் தோழிகளின் முகம் வரை நினைவிருக்கிறது.

அடுத்த முறை கணவர் உங்களை எழுப்ப வேண்டாம், கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் எடுக்கட்டும். கைகால் ஆடுவது தெரிந்தால் அந்தப் படத்தோடு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.