2% தள்ளுபடியை விட்டால் உண்மையில் எவ்வளவு வட்டி கட்டுகிறோம்?

கேள்வி: சப்ளையர் 10 நாளில் பணம் கட்டினால் 2% தள்ளுபடி, இல்லாவிட்டால் 30 நாளில் முழுத்தொகை என்கிறார். என் ஓ.டி. வட்டி 12%. வெறும் 2%-க்காக ஓ.டி.யில் எடுத்துக் கட்டுவது சரியா?

கட்டுங்கள். அந்த 12% ஒரு வருடத்துக்கான வட்டி, இந்த 2% வெறும் 20 நாளுக்கானது. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால்தான் 2% சின்னதாகத் தெரிகிறது.

கோவையில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறைக்குக் கணக்கு பார்க்கிறேன். குருணை வாங்கும் பில் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். சரக்கு மதிப்பு 5,00,000, ஜிஎஸ்டி 18% சேர்த்து 5,90,000. தள்ளுபடி சரக்கு மதிப்புக்கு மட்டும்தான், அதாவது 10,000. பத்தாம் நாள் கட்டினால் 5,80,000. அன்று கட்டாமல் விட்டால், அந்த 5,80,000-ஐ 20 நாள் கையில் வைத்திருக்க 10,000 கொடுக்கிறோம் என்று அர்த்தம்.

10,000-ஐ 5,80,000-ஆல் வகுத்தால் 1.72%. வருடத்துக்கு மாற்ற 365/20-ஆல் பெருக்குங்கள்: சுமார் 31.5%. புத்தகங்களில் இதே நிபந்தனைக்கு 37% என்று போட்டிருக்கும். அதில் வரி கிடையாது. நமக்கோ தள்ளுபடி இல்லாத ஜிஎஸ்டி பணத்தையும் 20 நாள் முன்னாலேயே புரட்ட வேண்டியிருக்கிறது, அதனால்தான் குறைகிறது. அதே 5,80,000-க்கு ஓ.டி.யில் 20 நாள் வட்டி ஏறக்குறைய 3,800 ரூபாய்தான். மீதி 6,200 உங்களுக்கு நிற்கும்.

ஆனால் 30 என்ற எண்ணை பில்லிலிருந்து எடுக்காதீர்கள், உங்கள் லெட்ஜரைப் பாருங்கள். வழக்கமாக 45-ஆம் நாள்தான் கட்டுகிறீர்கள், சப்ளையரும் எதுவும் சொல்வதில்லை என்றால், இடைவெளி 35 நாள். அப்போது கணக்கு 18%-க்கு இறங்கிவிடும். 62-ஆம் நாள் வரை இழுக்க முடிந்தால் 12%, ஓ.டி.க்குச் சமம். சப்ளையர் உத்யம் பதிவுள்ள சிறு உற்பத்தியாளர் என்றால் அந்த இழுப்பே கூடாது. ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் 45 நாள்தான் சட்ட வரம்பு. தாண்டினால் வட்டி ஏறும், வருமான வரியிலும் அந்தச் செலவைப் பணம் கட்டிய வருடத்தில்தான் கழிக்க விடுவார்கள்.

ஓ.டி. லிமிட் முட்டி நிற்கும்போது 12%-ஐ வைத்து ஒப்பிடாதீர்கள். சம்பளத்துக்கு வெளியில் மாதம் 3 வட்டிக்கு வாங்க நேர்ந்தால் அது வருடத்துக்கு 36%. அந்த வாரம் தள்ளுபடியை விடுவதுதான் சரி.

பத்து நாள் எந்தத் தேதியிலிருந்து என்பதை முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை 3-ஆம் தேதி பில், லாரி வந்தது 8-ஆம் தேதி. சரக்கு வந்த நாளிலிருந்து எண்ணி 16-ஆம் தேதி ஆர்டிஜிஎஸ் போட்டேன். அவர்கள் பில் தேதியிலிருந்து எண்ணி, கழித்த 10,000-க்கு டெபிட் நோட் அனுப்பிவிட்டார்கள். இப்போதெல்லாம் பில் வந்ததுமே மூலையில் பென்சிலால் பத்தாம் நாளைக் குறித்துவிடுகிறேன்.