பத்து மணிக்கு மாறும் ஷிப்ட்

ஐயா, வணக்கம். ஓசூரில் ஒரு ஆட்டோ பாகங்கள் கம்பெனியில் சிஎன்சி ஆபரேட்டராக இருக்கிறேன், டிப்ளமோ மெக்கானிக்கல். போன வாரம் வேறொரு கம்பெனியில் சூப்பர்வைசர் இண்டர்வியூவுக்குப் போனேன். குவாலிட்டி செக், பாதுகாப்பு, ஷிப்ட் மாற்றம், மெஷின் பிரேக்டவுன் என்று நான்கு கேள்வி. எல்லாவற்றுக்கும் படித்துவிட்டுத்தான் போனேன். பிரேக்டவுன் ஆனால் என்ன செய்வீர்கள் என்றதற்கு 'உடனே மெயின்டனன்ஸுக்குத் தகவல் சொல்வேன்' என்றேன். மூவரும் சிரித்துக்கொண்டார்கள். வேலை கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் சொல்லியிருக்க வேண்டுமா? சிக்ஸ் சிக்மா சர்டிபிகேட் எடுத்தால் உதவுமா?

— கா.

அன்புள்ள தம்பி,

ஆங்கிலம், சர்டிபிகேட் இரண்டையும் விடுங்கள். கேட்பவர் எந்த மொழியில் கேட்கிறாரோ அதில் சொன்னால் போதும். சிக்ஸ் சிக்மாவை வேலை கிடைத்த பிறகு கம்பெனி செலவில் படித்துக்கொள்ளலாம்.

அவர்கள் சிரித்தது எனக்கும் பிடிக்கவில்லை. எதிரே வேர்த்து உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துச் சிரிப்பது அநாகரிகம். ஆனால் உங்கள் பதிலும் மோசம்தான். மெயின்டனன்ஸுக்குத் தகவல் சொல்ல சூப்பர்வைசர் எதற்கு? அதை ஆபரேட்டரே செய்துவிடுவார். நான்கு கேள்விக்கும் தனித்தனியாக மனப்பாடம் செய்துகொண்டு போயிருக்கிறீர்கள். நான்கும் ஒரே மெஷினில், ஒரே ராத்திரியில், ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும் என்பது ஷாப் ஃப்ளோரில் நிற்கும் உங்களுக்குத் தெரியாதா?

பி ஷிப்ட் என்று வைத்துக்கொள்வோம், மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை. ஒரு டர்னிங் சென்டரில் 25 மில்லிமீட்டர் துளை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நிமிடத்துக்கு ஒரு பீஸ். 25.000-இலிருந்து 25.021 வரை போகலாம். எட்டரை மணி ரவுண்டில் அளந்தபோது சரியாக இருந்தது. 9:10-க்கு, டூல்களைச் சுமந்து சுற்றும் டரட் பாதி சுற்றி நின்று அலாரம் அடிக்கிறது.

போன் எடுப்பதற்கு முன் உங்கள் கண் டப்பாவுக்குப் போக வேண்டும். எட்டரைக்குப் பிறகு வந்த நாற்பது பீஸும் சந்தேகக் கேஸ். தனி டப்பா, மஞ்சள் அட்டை, நேரம் எழுதி ஓரம் கட்டுங்கள். அடுத்து, எப்படி அளப்பது? டூல் நுனியில் வெட்டுகிற இன்சர்ட் தேய்ந்திருந்தால் துளை கொஞ்சம் கொஞ்சமாக ஒரே திசையில் சிறுத்துக்கொண்டே வரும். கடைசி பீஸிலிருந்து பின்னோக்கி அளந்துகொண்டு போய் எங்கே சரியாகிறதோ அங்கே கோடு போடலாம். டரட்டைக் கவ்விப் பிடிக்கும் ஹைட்ராலிக் பிரஷர் குறைந்திருந்தால் கதை வேறு. டூல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் உட்காரும். ஒரு பீஸ் சரி, அடுத்தது தப்பு, அதற்கடுத்தது சரி. அப்போது கடைசி ஐந்தைப் பார்த்து மீதியை அனுப்புவது ஏமாற்று வேலை. நாற்பதையும் அளந்தாக வேண்டும். 'பிரேக்டவுன்' என்று கேட்டவர்கள் எதிர்பார்த்த முதல் பதில் இதுதான் என்று நினைக்கிறேன். பழுது என்றதும் மெஷினைப் பார்க்கிறவர் ஃபிட்டர். அதுவரை அந்த மெஷின் பெற்றுப்போட்டதைப் பார்க்கிறவர் சூப்பர்வைசர்.

சரி, ஃபிட்டர் வந்துவிட்டார். உள்ளே தலையை விட்டு வேலை செய்கிறார். மெயின் சுவிட்சை அணைத்து அவருடைய பூட்டைப் போட்டு, சாவி அவர் பையில். ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்த்து, கரண்ட் போனாலும் லைனுக்குள் நிற்கிற எண்ணெய்ப் பிரஷரையும் இறக்கியாயிற்று. இதெல்லாம் நீங்கள் சொல்லியிருப்பீர்கள், யூடியூபில் இருக்கிறது.

மணி பத்து ஆகிறது. வேலை முடியவில்லை. வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது.

நான் புலம்ப விரும்புவது இங்கேதான், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் இதே மாதிரி ஒரு இரவு. டரட் சுற்றுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் கதவு சுவிட்சில் ஒரு துண்டு வயரை மாட்டி ஏமாற்றி வைத்திருந்தார். கதவு திறந்திருந்தாலும் மெஷின் மூடியிருப்பதாக நினைத்துக்கொள்ளும். சோதனைக்கு அது தேவைப்பட்டது, அதில் தப்பில்லை. பத்து மணி ஆனதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். வயர் அங்கேயே இருந்தது. லாக் புக்கில் சூப்பர்வைசர் எழுதிய முழு வாசகம்: 'மெஷின் ஓகே. பாலன்ஸ் வேலை சி ஷிப்ட்.' கீழே ஒரு கையெழுத்து. சி ஷிப்டில் வந்த பையன் கதவைத் திறந்துவைத்துக் கம்பியால் உள்ளே சிக்கிய உலோகச் சிப் இழுத்துக்கொண்டிருந்தபோது, பேனல் பக்கம் நின்ற இன்னொருவர் மெஷின் சைக்கிளை ஓட்டிவிட்டார். விரல் தப்பியது, நரம்பு தப்பவில்லை. அந்தக் கையால் அவனால் இன்றும் சட்டைப் பொத்தான் போட முடியாது. எந்த வேலை பாலன்ஸ் என்று அந்த வாசகத்தில் எங்கே இருக்கிறது?

பைபர் ஆல்ஃபா என்று தேடிப் படியுங்கள். ஸ்காட்லாந்தை ஒட்டிய வட கடலில் இருந்த எண்ணெய் மேடை. 1988 ஜூலை 6 பகலில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றிச் சோதனைக்கு எடுத்துப் போனார்கள். மாலைக்குள் முடியவில்லை. திறந்த குழாய் வாயை ஒரு தகடு வைத்து மூடிவிட்டுப் போனார்கள். வால்வு கழன்றிருப்பது ஷிப்ட் மாறும்போது இரவு ஆட்களின் காதுக்கு வரவில்லை. பத்து மணிக்குச் சற்று முன் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு பம்ப் நின்றது. பிரேக்டவுன்தான், உங்கள் நான்காவது கேள்வி. பகலில் கை வைத்த பம்பை ஓட்டினார்கள். அந்தத் தகட்டு மூடி வழியாக வாயு கசிந்தது. 167 பேர் செத்தார்கள். விசாரணை நடத்திய கல்லன் பிரபுவின் 1990 அறிக்கை, பழுது வேலைக்கு எழுத்தில் அனுமதி தரும் பர்மிட் முறையும் ஷிப்ட் ஒப்படைப்பும் எப்படிச் சீரழிந்து கிடந்தன என்பதைப் பக்கம் பக்கமாகச் சொல்கிறது.

ஆகவே பத்து மணிக்கு என்ன செய்ய வேண்டும்? லாக் புக்கை மேஜையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். வருகிறவரை மெஷினுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போங்கள். முதலில் சி ஷிப்ட் ஃபிட்டர் தன் பூட்டை மாட்டட்டும், அப்புறம் பி ஷிப்ட் ஃபிட்டர் தன்னுடையதை எடுக்கட்டும். நடுவில் ஒரு நிமிடம்கூட மெஷின் பூட்டில்லாமல் இருக்கக் கூடாது. எதைக் கழற்றினோம், எது இன்னும் மாட்டவில்லை, எந்த சுவிட்சை ஏமாற்றியிருக்கிறோம் என்று விரலை வைத்துக் காட்டுங்கள். அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார், கோபிக்கட்டும். அந்த நாற்பது பீஸ் டப்பாவையும் காட்டுங்கள். எத்தனை அளந்தாயிற்று, எத்தனை பாக்கி என்று அட்டையிலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் விடிகாலை டிஸ்பாட்ச் அவசரத்தில் யாரோ நல்ல பீஸோடு கலந்துவிடுவார்கள். டரட்டைக் கழற்றி மாட்டினால் டூல் இருக்கும் இடம் மாறியிருக்கும். ஆகவே ஓட்டுவதற்கு முன் பீஸ் மாட்டாமல் ஒரு ஓட்டம், பிறகு முதல் ஐந்து பீஸும் அளந்து கையெழுத்து. அதுவரை புரொடக்‌ஷன் கிடையாது என்று புக்கில் எழுதுங்கள். 'ஓகே' என்ற சொல்லை எழுதவே எழுதாதீர்கள்.

இதற்கெல்லாம் கால் மணி நேரம் ஆகும். பஸ் போய்விடுமே என்பீர்கள். போய்விடும். அடுத்த இண்டர்வியூவில் அவர்கள் 'கேள்வி ஏதாவது உண்டா' என்றால் அதையே கேளுங்கள்: இரண்டு ஷிப்ட் சூப்பர்வைசர்களும் ஒன்றாக நிற்க எத்தனை நிமிடம் தருகிறீர்கள், அதற்குச் சம்பளம் உண்டா, பஸ் காத்திருக்குமா? பதில் சொல்லத் தடுமாறினால், வேலை கிடைத்தாலும் ஒருமுறை யோசியுங்கள்.