பாட்டியின் அதிரசக் குறிப்பும் பழைய அளவுகளும்: கேள்வி பதில்

சேலத்திலிருந்து: அக்கா, பாட்டி எழுதிய அதிரசக் குறிப்பின் படம் இது. "பச்சரிசி 1 ப, வெல்லம் 30 ப" என்று இருக்கிறது. ஒரு படி அரிசிக்கு முப்பது படி வெல்லமா?

முதல் "ப" படி, இரண்டாவது "ப" பலம். அந்தக் காலத்தில் அரிசியை அளந்தார்கள், வெல்லத்தை நிறுத்தார்கள். ஒரு பலம் 3 தோலா, அதாவது ஏறக்குறைய 35 கிராம். ஆக வெல்லம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

படிதான் ஊருக்கு ஊர் மாறும். பட்டணத்துப் பெரிய படி என்றால் சுமார் 1.4 கிலோ அரிசி பிடிக்கும். அப்போது நான்கு பங்கு அரிசிக்கு மூன்று பங்கு வெல்லம். அதிரசத்துக்கு நல்ல கணக்கு. படி அதில் பாதியாக இருந்தால் வெல்லம் அரிசியை மிஞ்சிவிடும், எண்ணெயில் போட்டதும் மாவு பிரிந்து ஓடும். அதனால் உங்கள் பாட்டி வைத்திருந்தது பெரிய படிதான் என்று எடுத்துக்கொள்ளலாம். முதலில் கால் பங்கு செய்து பாருங்கள்: 350 கிராம் அரிசி, 260 கிராம் வெல்லம்.

படத்தின் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருக்கிறது. ஏலக்காயா சுக்கா என்று தெரியவில்லை. தயவுசெய்து முழுத்தாளையும், பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள்.

மதுரை: ஓர் ஆழாக்கு எத்தனை மில்லி?

பெரிய படியில் எட்டில் ஒன்று, 200க்குச் சற்று மேல். உங்கள் படி எது என்று தெரியாமல் இதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

திருச்சி: ஆழாக்கும் உழக்கும் ஒன்றுதானே? எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.

உங்கள் வீட்டில் அப்படி இருக்கலாம். கணக்குப்படி 2 ஆழாக்கு ஓர் உழக்கு. பாட்டியின் பாத்திரம் இருந்தால் தண்ணீர் ஊற்றி அளந்துவிடுங்கள்.

கோவை: ஆழாக்கு எத்தனை மில்லி அக்கா?

மேலே பாருங்கள்.

ஈரோடு: தாளின் உச்சியில் "உ" இருக்கிறது. இரண்டு பேருக்கான அளவா?

பிள்ளையார் சுழி.

நாகர்கோவில்: மீன்குழம்பில் "உள்ளி ஒரு கை" என்கிறது. சின்ன வெங்காயம்தானே?

உங்கள் ஊரில் ஆமாம்.

யாழ்ப்பாணம்: மன்னிக்கவும், உள்ளி எண்டால் பூண்டு. வெங்காயம் வேறு.

நாகர்கோவில்: ஒரு கை பூண்டு போட்டால் யார் சாப்பிடுவது?

யாழ்ப்பாணம்: நாங்கள் சாப்பிடுவோம்!

இருவர் சொல்வதும் அவரவர் ஊரில் சரி. அதே குறிப்பில் பூண்டு தனியாக வந்திருந்தால் உள்ளி வெங்காயம். வெங்காயம் தனியாக வந்திருந்தால் உள்ளி பூண்டு. நாகர்கோவில்காரரே, உங்கள் தாளில் இரண்டுமே இல்லை. பாட்டி எந்த ஊரில் பிறந்தவர்?

நாகர்கோவில்: கொழும்பில் பிறந்தார், கல்யாணத்துக்குப் பிறகு இங்கே.

அப்படியானால் தாளை வைத்து முடிவு சொல்ல முடியாது. அந்தக் குழம்பைச் சாப்பிட்டவர்கள் யாராவது இருந்தால் கேளுங்கள்.

தஞ்சை: "காலணாவுக்குக் கொத்தமல்லி" எத்தனை கிராம்?

அது எடை அல்ல, விலை. எடை என்றால் "ரூபாய் எடை" என்று எழுதியிருப்பார்கள். அது ஒரு தோலா, 11.66 கிராம். காலணாவுக்கு எவ்வளவு கிடைத்தது என்பது கடைக்காரர் கையில் இருந்தது. ஒரு சின்னக் கட்டு போடுங்கள்.

வேலூர்: அக்கா, ஆழாக்கு...

இன்றைக்கு இதோடு போதும்.