எண்டோஸ்கோபி நார்மல், ஆனால் வயிறு சரியில்லை

கேள்வி: டாக்டர், எனக்கு 43 வயது. மாசி வீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். ஒரு வருடமாகக் கடன் நெருக்கடி. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு கம்மென்று இருக்கிறது. ஆனால் காலையில் மூன்று முறை வெளிக்குப் போகிறேன். அடிக்கடி சளி, ராத்திரியில் படபடப்பு. எண்டோஸ்கோபி, ஈசிஜி எல்லாம் நார்மல். ‘டென்ஷன்தான்’ என்கிறார்கள். டென்ஷன் இத்தனையும் செய்யுமா?

பதில்: செய்யும். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளிலிருந்து தொடங்குவோம். கடன் கொடுத்தவரின் போன் வந்ததும் அவை சில நொடிகளில் அட்ரினலினை விடுகின்றன. இதயம் வேகமெடுக்கும், ரத்தக்கொதிப்பு ஏறும், குடலுக்குப் போகும் ரத்தம் குறையும். இது சில நிமிடங்களில் அடங்கிவிடும். அதே சுரப்பிகளிலிருந்து பின்னால் வரும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் உச்சத்தைத் தொடவே 20, 30 நிமிடம் ஆகும். இறங்கவும் நேரம் பிடிக்கும். இறங்குவதற்குள் அடுத்த போன் வந்தால்? உங்கள் சிக்கல் அதுதான்.

இந்த நிலையில் இரைப்பை மெதுவாகவும் பெருங்குடல் வேகமாகவும் இயங்கும். அதனால்தான் மேலே கம்மென்றும் கீழே அவசரமாகவும் இருக்கிறது. எண்டோஸ்கோபி புண் இருக்கிறதா என்று பார்க்கும். இந்த அசைவுக் கோளாறு அதில் தெரியாது. கடையைப் பூட்டிவிட்டு இரவு 11 மணிக்குச் சாப்பிடும் கொத்து பரோட்டா, சால்னாவை இப்படி மந்தமான இரைப்பை எப்படித் தள்ளும்? கடையிலேயே எட்டு மணிக்கு நாலு இட்லி சாப்பிட்டுவிடுங்கள். மூன்று மணிக்கு மேல் காபி வேண்டாம்.

சளிக்கும் கார்ட்டிசாலுக்கும் தொடர்பு உண்டு. அது நீடித்தால் கிருமியோடு போராடும் வெள்ளணுக்களின் வேலை மட்டுப்படும். தூக்கம் கெட்டால் இன்னும் மோசம்.

இதயத்தைப் பற்றிக் கொஞ்சம் கவனம் வேண்டும். ஈசிஜி பதிவது பத்து நொடி போல; ராத்திரிப் படபடப்பை அது பார்க்கவே இல்லை. வீட்டில் பிபி மெஷின் வைத்து, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, காலையும் மாலையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். ஒரு வாரச் சராசரி 135/85-ஐத் தொட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். படபடப்பு வந்தால் நான்கு நொடி மூச்சை இழுத்து, ஆறு நொடி விடுங்கள். ஐந்து நிமிடம் போதும், இதயத்துடிப்பு இறங்கும்.

ஆனால் ‘டென்ஷன்தான்’ என்று முடிவு கட்டுமுன் தைராய்டுக்கான டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு, இதே வயிற்றுப்போக்கு வரும். கார்ட்டிசால் டெஸ்டுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும் அதன் அளவை வைத்து மன அழுத்தத்தை எடைபோட முடியாது.

மலம் கறுப்பாகப் போனாலோ எடை தானாகக் குறைந்தாலோ தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு இறுகி வியர்த்தால், ‘கேஸ்’ என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.