சீற் கூரையில சோலார் வோட்டர் ஹீற்றர்

கேள்வி: கிளிநொச்சியில சீற் போட்ட வீடு. 200 லீற்றர் ஹீற்றர் மேல வைக்கலாமா? மழைக்கு ஒழுகாதா?

வைக்கலாம், ஆனா பாரம் சீற்றில இறங்கக் கூடாது. தண்ணி மட்டுமே 200 கிலோ. தாங்கியும் சட்டமும் சேர்ந்தா 250ஐத் தாண்டும். அதால கால்களைச் சுவருக்கு மேல வாற வளைமரத்தோட போல்ட் போட்டு இறுக்குங்கோ. மரத்தில கறையான் எண்டா, நிலத்திலயிருந்து தனி இரும்புத் தூண்தான் சரி.

துளையைச் சீற்றின்ர மேட்டில போடுங்கோ. மாரித்தண்ணி ஓடுறது பள்ளத்தால. ரப்பர் வாசர் லேசா நசுங்கினாப் போதும். வெளியில பிதுங்கினா கூட இறுக்கிப்போட்டியள். வெயிலுக்கு வெடிச்சு, அடுத்த மாரிக்கு ஒழுகும்.

சுடுதண்ணிக் குழாய்க்குக் கறுப்பு ஃபோம் உறை போட்டு, அதுக்கு மேல அலுமினிய ரேப் சுத்துங்கோ. வெறுமன விட்டா எங்கட வெயில் ஃபோமைப் பொடியாக்கிப்போடும்.