பற்களைக் கடிக்காத அண்ணன்

கேள்வி: "அவனுக்குப் பொறாமையாக இருந்தது" என்று எழுதினால், உணர்ச்சியைச் சொல்லாதே, காட்டு என்கிறார்கள். எப்படிக் காட்டுவது?

உங்களிடம் அப்படிச் சொன்னவர், எப்படி என்று சொல்லாமல் போயிருப்பார். எனக்கும் அதுதான் நடந்தது.

என் கதையில் தம்பிக்கு வேலை கிடைக்கிறது. "அண்ணனுக்குப் பொறாமையாக இருந்தது" என்று எழுதியிருந்தேன். காட்டச் சொன்னார்களே என்று, "அண்ணனின் முகம் சிவந்தது. பற்களைக் கடித்தான்" என மாற்றினேன். படித்த நண்பர், "இவனுக்குப் பல்வலியா?" என்றார். கோபம் வந்தது, ஆனால் அவர் கேட்டது நியாயம். முகம் சிவப்பதும் பல்லைக் கடிப்பதும் எவனுக்கும் பொருந்தும். உணர்ச்சியின் பெயரை எடுத்துவிட்டு அதன் நோய்க்குறியை வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

பிறகு வேறு மாதிரி யோசித்தேன். பொறாமைப்படுகிறவன் அதைக் காட்டிக்கொள்ள மாட்டான், மறைக்கத்தான் பார்ப்பான். அப்படியானால் இந்த அண்ணன் எதைச் செய்து மறைப்பான்? இப்படி வந்தது:

"தம்பி நீட்டிய நியமனக் கடிதத்தை அண்ணன் வாங்கி, முதல் வரியிலிருந்து கையெழுத்து வரை படித்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்தான். 'உன் பெயரில் ஓர் ஒற்று விட்டுப்போயிருக்கிறது. திருத்தி வாங்கிவிடு' என்றான்."

இதன் கீழே, "பொறாமை அவனை அப்படிப் பேச வைத்தது" என்றும் ஒரு வரி சேர்த்திருந்தேன். வாசகருக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற பயம். அதை அடித்துவிட்டேன்.

ஆனால் இதோடு முடியவில்லை. இன்னொருவரிடம் பத்தியை மட்டும் கொடுத்து, "அண்ணன் மனதில் என்ன?" என்று கேட்டேன். "பொறுப்பான அண்ணன்" என்றார்! தவறு செயலில் இல்லை, அதற்கு முன்னால் எதுவும் இல்லாததுதான். அதனால் முந்தைய பத்தியில் அண்ணனின் சான்றிதழ் உறையை வைத்தேன்: நேர்காணல்களுக்குத் தூக்கிப் போய் ஓரம் நைந்து, ஒட்டுநாடா போட்ட உறை. கடிதத்தைப் படிக்கும்போது அது அவன் மடியிலேயே இருக்கிறது. அடுத்து படித்தவர் சரியாகச் சொன்னார். உணர்ச்சிச் சொல்லை நீக்கிய பத்தியைக் கொடுத்து, படித்தவரிடம் கேட்டுப் பார்ப்பதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

"அப்படியானால் 'அலுப்பாக இருந்தது' என்று எழுதவே கூடாதா?" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அதே கதையில் தம்பியின் பயணத்தை "களைத்துப்போய் வந்து சேர்ந்தான்" என்று ஒரே வரியில் முடித்தேன். அவன் களைப்பு கதைக்கு முக்கியமில்லை. அதையும் காட்டப் புகுந்தால், கடிதம் வருவதற்குள் வாசகர் களைத்துவிடுவார்.

கதை ஒரு பத்திரிகையில் வந்தது. சன்மானம் இன்றுவரை வரவில்லை, அது வேறு கதை. வயிறு எரிந்தது கதையோடு போட்டிருந்த ஓவியத்தைப் பார்த்துத்தான். அண்ணன் முகம் சிவக்க, பற்களைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். உறையைக் காணவே காணோம்.