அழைப்பே வராத பழைய வாடிக்கையாளரிடம் புது மொடியூல் விற்கலாமா?

"சுன்னாகத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடை, 4 வருடமாக எங்கள் பில்லிங் மென்பொருள். முந்தி கிழமைக்கு 2, 3 அழைப்பு வரும், இப்ப ஒரு முறைப்பாடும் இல்லை. அடுத்த மாதம் ஒப்பந்தப் புதுப்பிப்பு. ஸ்டொக் மொடியூலையும் சேர்த்துக் கேட்கலாமா?"

இப்போது கேட்க வேண்டாம். முதலில் புதுப்பிப்பைக் காப்பாற்றுங்கள்.

பெரும்பாலும் அங்கே உங்கள் மென்பொருளை நன்றாகத் தெரிந்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார். குறை சொல்கிறவர் இன்னும் பாவிக்கிறார். பேச்சே இல்லாத வாடிக்கையாளர்தான் எனக்குப் பயம்.

கடைசி 90 நாள் லொகின் பதிவை ஆள்வாரியாகப் பாருங்கள். காசாளர் மட்டும் பில் போடுகிறார், முதலாளி மாதக் கடைசி அறிக்கையைத் திறக்கவே இல்லை என்றால் ஆபத்து. முழுத் தரவையும் எக்ஸெலில் இறக்கியிருந்தால், வேறு இடத்தில் விலை கேட்டுவிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நேரில் போங்கள். இப்படிப் போன ஒரு கடையில் கணினிக்குப் பக்கத்தில் கார்பன் வைத்த பில் புத்தகம் இருந்தது. புதுப் பிள்ளைக்குக் கடன் பில் போடத் தெரியவில்லை, அவ்வளவுதான். இரண்டு மணித்தியாலம் இருந்து பழக்கினோம். புதுப்பித்தார்கள். ஸ்டொக் மொடியூலை மூன்று மாதம் கழித்து அவர்களே கேட்டார்கள்.

விலை குறைக்கச் சொன்னால் சும்மா குறைக்காதீர்கள், 2 வருட ஒப்பந்தத்துக்கு ஈடாகக் கொடுங்கள்.

இன்னொன்று: மாரி மழையில் கட்டட வேலை குறையும், பில்லும் குறையும். அதனால் அந்த 90 நாள் பதிவைப் போன வருடத்தின் அதே மாதங்களோடு ஒப்பிடுங்கள்.